ஆறாம் நாள் சட்டை

ஒவ்வொரு காட்சிக்கும் என்னென்ன வேண்டும் என்று பிரித்து எழுதுவதுதான் பிரேக்டவுன். முதல் படத்துக்கு நான் போட்ட பிரேக்டவுன் பட்டியலில், காட்சி 27-க்கு நேராக, உடை என்ற கட்டத்தில் "நாயகன் – நீலக் கட்டம் போட்ட சட்டை" என்று எழுதியிருந்தேன். அதற்கு மேல் எழுத என்ன இருக்கிறது என்று அப்போது தோன்றியது.

காட்சி 27-இல் அவர் ஏற்காட்டில் ஓர் ஓடையைத் தாண்டும்போது கால் வழுக்கித் தண்ணீரில் விழ வேண்டும். விழுந்தார், நன்றாகவே விழுந்தார். ஃபோகஸ் போய்விட்டது. "ஒன் மோர்" என்று சத்தம் வந்ததும் காஸ்ட்யூமர் அண்ணன் என்னைப் பார்த்தார். "அடுத்த சட்டை எங்க தம்பி?" சட்டை ஒன்றுதான் இருந்தது. அதைக் கழற்றிப் பிழிந்து, மேக்கப்பிலிருந்து முடி உலர்த்தும் மெஷினை வாங்கி, ஜெனரேட்டரில் சொருகி, இரண்டு பேர் ஆளுக்கொரு கையைப் பிடித்துக்கொண்டு காய வைத்தோம். முக்கால் மணி நேரம் ஆனது. தோள்பட்டைத் தையல் மட்டும் காயவே இல்லை. அதற்குள் சில்வர் ஓக் மரங்களுக்குப் பின்னால் வெயில் இறங்கிவிட்டது. ஒரு யூனிட் முழுக்க ஒரு சட்டை காய்வதை வேடிக்கை பார்த்துக்கொண்டு நின்றது.

மறுநாள் காலை ஒரு பையனை சேலத்துக்கு அனுப்பினோம். 20 கொண்டை ஊசி வளைவு இறங்கி, அதே கடையில் அதே கட்டம் போட்ட சட்டை வாங்கி, திரும்ப 20 வளைவு ஏறி வந்தான். கட்டம் அதேதான், ஆனால் நீலம் வேறு. அது வேறு சாயம் போட்ட துணி. படத்தில் இன்றைக்கும் பார்க்கலாம்: ஒரு நீலத்தில் விழுந்து இன்னொரு நீலத்தில் எழுந்திருப்பார். வேறு யாரும் கவனித்ததாகத் தெரியவில்லை. எனக்கு மட்டும் அந்தக் காட்சியில் வேறெதுவும் கண்ணில் படாது.

இரண்டாவது படம் அதைவிடச் சின்னது. சேலத்தில் ஒரு வெள்ளிக் கொலுசுப் பட்டறையில் வேலை செய்யும் செல்வம், அவனுடைய ஒன்பது வயது மகள் தேனு, ஏற்காட்டுக் காபித் தோட்டத்தில் இருக்கும் மாமனார் வீடு. 58 காட்சிகள். இயக்குநருக்கும் சேலம்தான் ஊர், எனக்கும் சேலம்தான். தயாரிப்பாளர் கையில் எவ்வளவு இருக்கிறது என்று எங்களுக்குத் தெரியும். எவ்வளவு வேண்டும் என்றுதான் தெரியாது. மேனேஜர் அண்ணனிடம் ஸ்கிரிப்டைக் கொடுத்து பட்ஜெட் போடச் சொன்னோம். அவர் அதைப் புரட்டிக்கூடப் பார்க்கவில்லை. "கதை எனக்கு எதுக்குப்பா? என்னென்ன வேணும், எத்தன வேணும்னு லிஸ்ட்டக் குடு. அப்புறம் தொகை சொல்றேன்" என்றார்.

அந்த லிஸ்ட் போட எனக்குப் பதினோரு நாள் ஆனது. அதில் முதல் மூன்று நாள் ஒரே ஒரு கட்டத்தை நிரப்பத்தான் போனது. முதல் படத்தில் நான் வைக்காமல் விட்ட கட்டம் அது: கதை நாள்.

இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். காட்சித் தலைப்பில் நாம் வழக்கமாக எழுதுவது உள்ளா வெளியா, எந்த இடம், பகலா இரவா என்பதுதான். "பகல்" என்றால் எந்தப் பகல்? கதையில் முதல் நாளா, அடுத்த வாரமா? ஸ்கிரிப்டை வரிசையாகப் படிக்கும்போது அது தானாகப் புரிவதால் யாரும் எழுதி வைப்பதில்லை. ஆனால் பிரேக்டவுன் போட்ட பிறகு காட்சிகளை யாரும் வரிசையாகப் பார்க்கப்போவதில்லை. இடம் வாரியாக, நடிகர் வாரியாகக் கலைத்துப் போட்டுவிடுவார்கள். அப்போது காட்சி 12-இலும் காட்சி 30-இலும் செல்வம் போட்டிருப்பது ஒரே சட்டையா வேறு சட்டையா என்று சொல்ல அந்தக் கட்டம் ஒன்றுதான் மிஞ்சும்.

அதனால் பேனா எடுக்காமல் ஒரு தரம் முழுக்கப் படித்தேன். இரண்டாம் தரம் படிக்கும்போது நாள் எண் மட்டும் ஓரத்தில் போட்டுக்கொண்டே போனேன். "மறுநாள் காலை" என்று இருந்தால் எளிது. பல இடங்களில் அப்படி இருக்காது. காட்சி 16-இல் தேனு பள்ளிக்கூடத்துக்குப் போகிறாள், 18-இல் செல்வம் வார முடிவுக் கூலி வாங்குகிறான், இரண்டுக்கும் நடுவில் எத்தனை நாள் என்று எங்கும் இல்லை. அங்கெல்லாம் கேள்விக்குறி போட்டேன். பழைய நினைவு வரும் இரண்டு காட்சிகளுக்கு ப1, ப2 என்று தனி எண். எல்லாம் முடிந்தபோது 58 காட்சிகளும் 11 நாட்களில் அடங்கின.

இதை வைத்து உடை எண்ணியபோதுதான் வேடிக்கை. செல்வம் 41 காட்சிகளில் வருகிறான், ஒன்பது நாட்களில். நாளுக்கு ஒரு சட்டை என்று ஒன்பது போட்டுவிடலாம். ஆனால் கொலுசுப் பட்டறையில் வேலை செய்கிறவனிடம் ஒன்பது நல்ல சட்டை எங்கிருந்து வரும்? இயக்குநரிடம் கேட்டேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "நாலு இருக்கும். வெளியூர் போறதுக்கு ஒண்ணு தனியா வெச்சிருப்பான்" என்றார். ஆக, சட்டை நான்குதான். மடிப்புக் கலையாத மண்நிறச் சட்டை வெளியூருக்கு. அது 2-ஆம் நாள் ஒரு கல்யாணத்தில் வருகிறது. 6-ஆம் நாள் ஏற்காட்டுக்குப் போகும்போது திரும்ப வருகிறது. அதோடு விட்டுவிடலாம் என்று நினைத்தால், 6-ஆம் நாளில்தான் காட்சி 31 இருக்கிறது.

காட்சி 31 ஸ்கிரிப்டில் அரைப் பக்கம்கூட இல்லை. அப்படியே தருகிறேன்:

"வெளி. காபித் தோட்டம். மாலை. மழை தூறுகிறது. செல்வம் மகளைத் தோளில் தூக்கிக்கொண்டு சரிவில் இறங்குகிறான். வழுக்கி விழுகிறான். கையிலிருந்த பை அவிழ்ந்து கொலுசுகள் சிதறுகின்றன. பழம் பறித்துக்கொண்டிருந்தவர்கள் ஓடி வருகிறார்கள். ஒருத்தி: பாத்து, பாத்து!"

பக்கத்தை எட்டாகப் பிரித்து ஒரு காட்சி எத்தனை எட்டில் ஒரு பங்கு என்று குறிப்பது வழக்கம். அந்தக் கணக்கில் இது 3/8. இதே படத்தில் பட்டறைத் திண்ணையில் இரண்டு பேர் உட்கார்ந்து பேசும் காட்சி மூன்று பக்கம். அதை அரை நாளில் எடுத்துவிட்டோம். எட்டில் ஒரு பங்குக் கணக்கு படத்தின் நீளத்தை ஓரளவு சொல்லும், எடுக்கும் நேரத்தைச் சொல்லாது. நம்மூர் வழக்கப்படி இடது பக்கம் காட்சி, வலது பக்கம் வசனம் என்று இரண்டு பத்தியாக எழுதிய ஸ்கிரிப்ட் என்றால் நீளத்தைக்கூட ஒழுங்காகச் சொல்லாது. அதனால் அந்த எண்ணைப் போட்டுவிட்டு, அதை நம்பாமல் வரி வரியாகப் போனேன்.

"மழை தூறுகிறது." தூறல் கேமராவில் தெரியாது. தெரிய வேண்டுமானால் சொட்டு பெரிதாக இருக்க வேண்டும், பின்னாலிருந்து லைட் அடிக்க வேண்டும். அப்படியானால் ரெயின் பைப், தண்ணீர் லாரி, பின்னொளிக்கு லைட், அதற்கு ஜெனரேட்டர், எல்லாவற்றுக்கும் ஆள். லாரி சரிவுக்குப் பக்கத்தில் வருமா என்று பார்க்க வேண்டும். தோட்டத்துப் பாதையில் ஜீப் போகும். தண்ணீர் நிரப்பிய லாரி போகுமா?

"மாலை." மலையில் மாலை என்பது சேலத்து மாலை இல்லை. சரிவு எந்தத் திசையைப் பார்க்கிறதோ அதைப் பொறுத்து வெயில் ஒரு மணி நேரம் முன்னதாகவே போய்விடும். நிழல் மரத்துக்கடியில் இன்னும் சீக்கிரம். கையில் இருப்பது முக்கால் மணி நேரம் என்று வைத்துக்கொண்டேன். விழும் காட்சியை அதற்குள் இரண்டு மூன்று முறை எடுக்க வேண்டும்.

"மகளைத் தோளில் தூக்கிக்கொண்டு." குழந்தை நடிகர் என்றாலே படப்பிடிப்பு நடக்கும் மாவட்டத்தின் ஆட்சியரிடம் அனுமதி வாங்க வேண்டும். ஒரு நாளைக்கு ஐந்து மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது, தொடர்ந்து மூன்று மணி நேரத்துக்கு மேல் ஓய்வில்லாமல் வைத்திருக்கக் கூடாது. அதே நாள் காலையில் தேனுவுக்கு வேறு காட்சி வைத்தால் மாலைக்கு நேரம் மிஞ்சாது. அது போக, ஒரு குழந்தையைத் தோளில் வைத்துக்கொண்டு ஈரச் சரிவில் யாரும் விழப் போவதில்லை. அங்கே டூப்பா, பொம்மையா, ஷாட்டை உடைப்பதா? கேள்விக்குறி.

"பை அவிழ்ந்து கொலுசுகள்." இது எனக்குத் தெரிந்த விஷயம், எங்கள் தெருவிலேயே மூன்று பட்டறை. செல்வம் கொண்டுபோவது பாலிஷ் போட்டு முடித்த சரக்கா, போடாததா? போட்டது பளபளக்கும், போடாதது மங்கிய வெள்ளையாக இருக்கும். கதைப்படி முடிந்த சரக்கு. முப்பது ஜோடி. அத்தனையும் வெள்ளி என்றால் படம் அங்கேயே முடிந்துவிடும். அதனால் குளோசப்புக்கு ஒரு ஜோடி அசல், பட்டறையிலிருந்து முன்பணம் கட்டி வாங்குவது. மற்றதெல்லாம் வெள்ளி நிற கவரிங். காபிச் செடிக்கடியில் சருகு கணுக்கால் அளவு கிடக்கும். ஒரு டேக்குக்கு இரண்டு மூன்று ஜோடி காணாமல் போகும் என்று வைத்தால், மூன்று டேக்குக்கு நாற்பது ஜோடியாவது கையில் இருக்க வேண்டும். இதே பை காட்சி 4, 12, 30, 32, 50-இலும் வருகிறது. 50-இல் பையின் வார் அறுந்திருக்க வேண்டும். ஆகவே பை இரண்டு.

"பழம் பறித்துக்கொண்டிருந்தவர்கள்." எத்தனை பேர்? எழுதியிருப்பவருக்கு அது ஒரு வார்த்தை. மேனேஜருக்கு அது ஆளுக்குச் சம்பளம், சாப்பாடு, வேன். அதோடு இன்னொன்று. நாங்கள் ஏப்ரலில் எடுப்பதாக இருந்தோம். தோட்டத்து மேஸ்திரியிடம் சும்மா பேச்சுக்கு, "பழம் பறிக்கிற மாதிரி எடுக்கணுங்க" என்றேன். அவர் சிரித்தார். "ஏப்ரல்ல எங்க சாமி பழம்? கார்த்திகை, மார்கழின்னா வாங்க. இப்ப மழ பேஞ்சா பூ வரும். அதுவும் ரெண்டு மூணு நாளுதான்." இடம் என்ற கட்டத்துக்குப் பக்கத்தில் பருவம் என்று ஒரு கட்டம் அன்றுதான் முளைத்தது. பிறகு பார்த்தால் அந்தக் கட்டத்தில் எழுத வேண்டிய காட்சிகள் இன்னும் நான்கு இருந்தன. சேலத்தில் மாம்பழ வண்டி நிற்கும் காட்சியும் அதில் ஒன்று. அது நல்லவேளையாக ஏப்ரலுக்கே பொருந்தியது.

"ஒருத்தி: பாத்து, பாத்து!" வசனம் இருந்தால் அவர் கூட்டத்தில் ஒருவர் இல்லை, பெயரில்லாத சின்ன வேடம். சம்பளம் வேறு, டப்பிங் வேறு. இப்படி ஒரு வார்த்தை பேசுகிறவர்கள் படம் முழுக்க ஒன்பது பேர் இருந்தார்கள். இயக்குநர் அதில் ஆறு பேரின் வாயை அடைத்துவிட்டார்.

இப்போது சட்டைக்கு வருவோம். மண்நிறச் சட்டை 6-ஆம் நாளில் காட்சி 29, 30-இல் சுத்தமாக இருக்கிறது. 31-இல் விழுகிறான். 32-இல் மாமனார் வீட்டுக்குள் சேறோடு நிற்கிறான். 33-இல் மச்சினனின் சட்டைக்கு மாறிவிடுகிறான். ஆக ஒரே சட்டைக்கு மூன்று நிலை: சுத்தம், விழும்போது, சேறு. முதல் நிலைக்கு ஒன்று. அதை விழவே விடக் கூடாது, ஏனென்றால் 29-ஐ எப்போது எடுப்போம் என்று தெரியாது. விழுவதற்கு, மூன்று டேக் என்று வைத்து மூன்று. சேற்றுக்கு ஒன்று. மொத்தம் ஐந்து, ஒரே நாளில் ஒரே கட்டுத் துணியில் தைத்தது. 9-ஆம் நாள் அதே சட்டை சேற்றுக் கறை லேசாகத் தெரிகிற மாதிரி வரும் என்று இயக்குநர் சொன்னார். அதற்குப் புதிது வேண்டாம், விழுந்ததில் ஒன்றைத் துவைத்தால் போதும்.

காஸ்ட்யூமர் அண்ணனிடம் இந்தக் கணக்கைக் காட்டினேன். அவர் தலையாட்டிவிட்டு ஒன்று கேட்டார். "எந்தப் பக்கம் விழுவாரு?"

எனக்குப் புரியவில்லை. அவர் விளக்கினார். காட்சி 32, அதாவது மாமனார் வீட்டின் உள்பகுதி, ஏற்காட்டில் எடுக்கப் போவதில்லை. வாடகையும் தங்கும் செலவும் பார்த்து அதை சேலத்தில் அஸ்தம்பட்டிப் பக்கம் ஒரு பழைய ஓட்டு வீட்டில் எடுப்பதாக இருந்தோம், அதுவும் முதல் வாரத்தில். மலைக்குப் போவது மூன்றாம் வாரம். அதாவது அவன் சேறோடு நிற்பதை முதலில் எடுக்கிறோம், விழுவதைப் பிறகு எடுக்கிறோம். சேறு எந்தத் தோளில், எந்த முழங்கையில், எவ்வளவு என்று இன்றைக்கே முடிவு செய்தாக வேண்டும். முடிவு செய்தால் மூன்றாம் வாரம் மலையில் அவர் அந்தப் பக்கமே விழ வேண்டும்.

இடது தோள், இடது முழங்கை, இடுப்புக்குக் கீழே ஒரு கை அகலம். அப்படியே கட்டத்தில் எழுதினேன். சேறு எந்த நிறம் என்பதும் வந்தது. சேலத்து மண்ணைக் குழைத்துப் பூசினால் மலை மண்ணோடு ஒத்துப்போகாது என்று, இடம் பார்க்கப் போனபோது அந்தச் சரிவிலிருந்தே ஒரு சிமெண்டுப் பை நிறைய மண் அள்ளிக்கொண்டு வந்தோம். பொருள் பட்டியலில் "தோட்டத்து மண் – 1 பை" என்று எழுதியதைப் பார்த்து மேனேஜர் சிரித்தார். அதற்கு நேராக அவர் தொகை எதுவும் போடவில்லை.

எழுதும் முறை பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். முதல் படத்தில் காட்சிக்கு ஒரு வரி வைத்து, பொருள் என்ற கட்டத்தில் "பை, கொலுசு, குடை, டார்ச்" என்று கமா போட்டு அடுக்கியிருந்தேன். படிக்க நன்றாக இருக்கும், ஆனால் எண்ண முடியாது. அந்தப் பை வேறு எந்தெந்தக் காட்சியில் வருகிறது என்று கேட்டால் 70 வரியையும் கண்ணால் தேட வேண்டும். இந்த முறை கூகுள் ஷீட்டில் பொருளுக்கு ஒரு வரி போட்டேன். காட்சி 31-க்கு மட்டும் 26 வரி வந்தது. ஒவ்வொரு வரியிலும் காட்சி எண், கதை நாள், இடம், பருவம், துறை, பொருள், எண்ணிக்கை, நிலை, யார் பொறுப்பு என்று ஒன்பது கட்டம். மொத்தம் 800 வரிக்குப் பக்கம் போனது. பயப்பட வேண்டாம், அதை யாரும் முழுதாகப் படிக்கப் போவதில்லை. வேண்டியதை மட்டும் இழுத்துக்கொள்ளலாம்:

```
=FILTER(A2:I900, F2:F900="கொலுசுப் பை")
```

இதைப் போட்டால் பை வரும் ஆறு காட்சியும், ஒவ்வொன்றிலும் அது எந்த நிலையில் இருக்கிறது என்பதும் ஒன்றாக வந்து நிற்கும். காஸ்ட்யூமருக்குத் துறை கட்டத்தை வைத்து உடை வரிகளை மட்டும், ஆர்ட் அசிஸ்டன்ட்டுக்குப் பொருள் வரிகளை மட்டும் பிரித்துக் கொடுத்தேன். ஒரு எச்சரிக்கை: பெயரை ஒரே மாதிரி எழுத வேண்டும். நான் ஓரிடத்தில் "கொலுசு பை" என்று ஒற்று விட்டு எழுதியிருந்தேன். காட்சி 50 கணக்கில் வரவே இல்லை, வார் அறுந்த பை கிட்டத்தட்ட மறந்தே போயிருக்கும். அதன் பிறகு பொருள் பெயர்களைத் தனித் தாளில் வைத்து, அதிலிருந்து தேர்ந்தெடுக்கிற மாதிரி மாற்றிக்கொண்டேன்.

காட்சி எண்ணை ஒரு முறை பூட்டிய பிறகு மாற்றக் கூடாது என்பதும் இதனால்தான். நடுவில் ஒரு காட்சி சேர்ந்தால் 31அ. ஒன்று போனால் எண்ணை அப்படியே வைத்து "நீக்கியது" என்று எழுதுவது. இயக்குநர் ஒரு நாள் உற்சாகமாக ஒரு காட்சியை வெட்டி எல்லாவற்றையும் மறுபடி எண்ணிட்டு ஃபைலை அனுப்பிவிட்டார். அந்த ஃபைலை நான் திறக்கவே இல்லை.

விலையை இதில் எழுதவே இல்லை. எழுதிப் பார்க்க ஆசை வரும். எழுதினால் அந்த இடத்திலேயே கை குறைக்க ஆரம்பித்துவிடும். மூன்று சட்டை வேண்டிய இடத்தில் இரண்டு போதும் என்று தோன்றும். விலை மேனேஜர் வேலை. என் வேலை எண்ணிக்கையும் கேள்விக்குறியும்.

கேள்விக்குறிகள் மொத்தம் 43. அவற்றைத் தனியாக எடுத்துக்கொண்டு ஒரு சாயங்காலம் இயக்குநரோடு உட்கார்ந்தேன். தட்டுவடை செட் இரண்டு பிளேட் முடிவதற்குள் பாதி தீர்ந்துவிட்டது. நிறைய கேள்விக்கு அவரிடம் பதில் ஏற்கெனவே இருந்தது, எழுதாமல் விட்டிருந்தார், அவ்வளவுதான். சிலவற்றில் மட்டும் நின்றார். காட்சி 22-இல் "ஆடு ஒன்று குறுக்கே ஓடுகிறது" என்று இருந்தது. விலங்கு வந்தால் விலங்கு நல வாரியத்தின் முன் அனுமதி வேண்டும், அது இல்லாமல் சென்சாரில் சிக்கல் வரும் என்றேன். "ஆடு எதுக்கு வந்துச்சுன்னே எனக்கு ஞாபகம் இல்ல" என்றார். ஆடு போய்விட்டது.

காட்சி 31-க்கு வந்தபோது 26 வரியையும் அவர் முன்னால் வைத்தேன். லாரி, ரெயின் பைப், ஜெனரேட்டர், லைட், டூப், ஐந்து சட்டை, நாற்பது ஜோடி கொலுசு, ஆட்சியர் அனுமதி, பழம் இல்லாத தோட்டம். நீண்ட நேரம் பேசாமல் பார்த்தார். பிறகு, "இதுல மழ எதுக்கு? அவன் வழுக்கணும், அவ்வளவுதானே?" என்றார். நான் எதுவும் சொல்லவில்லை. "மழை இப்பத்தான் விட்டிருக்கு. எல செடியெல்லாம் சொட்டுது. தேனு தோள்ல வேண்டாம், அவ முன்னால நடந்து போறா. சத்தம் கேட்டுத் திரும்பிப் பாக்குறா" என்றார்.

அவர் அப்படி மாற்றியதில் லாரி, பைப், டூப் எல்லாம் போயின. இலையை நனைக்கத் தோட்டத்தில் மருந்தடிக்கும் கைத்தெளிப்பான் போதும். கழுவி வைத்த இரண்டு தெளிப்பானும் இரண்டு ஆளும் என்று எழுதினேன். பழம் பறிப்பவர்கள் கவாத்து வெட்டுபவர்களாக மாறினார்கள். மேஸ்திரி சொன்னபடி அந்தச் சமயத்தில் தோட்டத்தில் நடக்கிற வேலை அதுதான். பன்னிரண்டு பேர் ஐந்து பேரானார்கள். எனக்குப் பிடித்தது தேனு திரும்பிப் பார்ப்பதுதான். செலவைக் குறைக்க மாற்றியது என்று யாரும் சொல்ல மாட்டார்கள். முதலில் எழுதியதைவிட அது நன்றாக இருந்தது.

ஆனால் எல்லாவற்றையும் குறைக்க முடியாது. சட்டை ஐந்து என்பது அப்படியே இருந்தது. மழை நின்றாலும் சேறு சேறுதான். மேனேஜர் பட்ஜெட் போட்டு முடித்துவிட்டுக் கூப்பிட்டார். "ஏம்பா, ஒரே சட்ட அஞ்சு எதுக்கு? ரெண்டு போதாதா?" என்றார். நீலச் சட்டைக் கதையைச் சொன்னேன். முழுதும் கேட்டுவிட்டு, "நாலு" என்றார். நான் ஷீட்டைத் திறந்து நிலை கட்டத்தைக் காட்டினேன். சுத்தம் 1, விழுவது 3, சேறு 1. "இதுல எத எடுக்கறதுன்னு நீங்களே சொல்லுங்கண்ணா" என்றேன். கொஞ்ச நேரம் விரலால் திரையைத் தட்டிக்கொண்டிருந்தார். ஐந்து என்றே விட்டுவிட்டார்.

பட்டியலில் வராத விஷயங்களும் உண்டு. மூடுபனி. ஏற்காட்டில் அது கேட்காமலே வரும், கேட்டால் வராது. எந்தக் கட்டத்திலும் அதை எழுத முடியாததால், மலைக் காட்சிகள் ஏழுக்கும் "பனி வந்தால் எடுக்கலாமா?" என்று ஒரு கட்டம் வைத்து ஆம், இல்லை என்று இயக்குநரிடம் முன்கூட்டியே வாங்கிக்கொண்டேன். 31-க்கு ஆம். 29-க்கு இல்லை, ஏனென்றால் அதில் கீழே சேலம் தெரிய வேண்டும்.

மூன்றாம் வாரம் மலைக்குப் புறப்பட்டோம். 1930-களில் டி.ஆர்.சுந்தரம் தொடங்கிய மாடர்ன் தியேட்டர்ஸின் வளைவு ஏற்காடு ரோட்டில் இன்னும் நிற்கிறது. அதைத் தாண்டும்போது வேனில் யாராவது ஒருவர் அதைப் பற்றி ஏதாவது சொல்லாமல் இருக்க மாட்டார். அன்றைக்கு காஸ்ட்யூமர் அண்ணன் மடியில் ஐந்து சட்டையையும் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றின் காலருக்குள்ளும் துணி மார்க்கரால் எண் போட்டுக்கொண்டிருந்தார். ஐந்தாம் எண்ணில் சேறு ஏற்கெனவே காய்ந்து உதிர ஆரம்பித்திருந்தது. அஸ்தம்பட்டி வீட்டில் எடுத்த போட்டோவைப் பிரிண்ட் போட்டு அதோடு பின் குத்தி வைத்திருந்தார்.

நான்கே முக்கால் மணிக்கு இலையெல்லாம் நனைத்துத் தயார். முதல் டேக். தேனு முன்னால் போகிறாள், செல்வம் பின்னால். வழுக்கினார். அவ்வளவு இயல்பாக, அவ்வளவு அழகாக, வலது பக்கம் விழுந்தார்.

"கட்" சொல்வதற்கு முன்னாலேயே காஸ்ட்யூமர் அண்ணன், "அய்யோ, வலது!" என்று கத்திவிட்டார். இயக்குநருக்கு அந்த டேக் மிகவும் பிடித்துவிட்டது. மானிட்டரில் மூன்று முறை ஓட்டிப் பார்த்தார். என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் ஷீட்டைக் காட்டவில்லை, தேவையும் இருக்கவில்லை. அந்தச் சேறு சேலத்து வீட்டில் ஏற்கெனவே இடது தோளில் இருக்கிறது. "சரி, அடுத்த சட்டை" என்றார்.

சட்டை மாற்ற நான்கு நிமிடம். கொலுசு பொறுக்க பதினோரு நிமிடம். ஆர்ட் அசிஸ்டன்ட் இரண்டு பேரும் கவாத்து வெட்டும் வேடத்தில் நின்ற ஐந்து பேரும் குனிந்து தேடினார்கள். நாற்பதில் முப்பத்தேழு ஜோடி கிடைத்தது. இரண்டாம் டேக்கில் இடது பக்கம் விழுந்தார். முதல் டேக் அளவுக்கு நன்றாக இல்லை, ஆனால் போதுமானதாக இருந்தது. வெயில் இன்னும் பத்து நிமிடம் மிச்சம் இருந்தது.

விழுவதற்கு வைத்திருந்த மூன்றாவது சட்டையைப் பிரிக்கவே இல்லை. மேனேஜர் அண்ணன் அதை வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போய்விட்டார். எங்கே பார்த்தாலும் காலரைத் திருப்பி 4 என்ற எண்ணைக் காட்டி, "நாலு போதும்னு அன்னைக்கே சொன்னேனா இல்லியா?" என்று கேட்கிறார்.